ஒரு எழுத்துக்கு ஒரு கட்டணம்

2 செப்டம்பர் 2023

டொரண்டோவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அண்ணனிடமிருந்து காலையிலேயே போன். "தம்பி, மாதம் 200 டாலர் வரை இலவசம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கார்டில் 86 டாலர் எடுத்திருக்கிறான்!"

சொன்னது நான்தான். கூகுள் மேப்ஸில் மாதத்துக்கு 200 டாலர் கிரெடிட் உண்டு. மிச்சம் வைத்தால் அடுத்த மாதத்துக்குச் சேராது. அண்ணன் கடையின் ஆர்டர் பக்கத்தில் நான் வைத்த, டெலிவரி முகவரி தேடும் பெட்டிக்கு அது தாராளம் என்று நினைத்திருந்தேன். ஆகஸ்டில் வந்தது வெறும் 4,500 ஆர்டர்.

3 செப்டம்பர்

பில்லிங் ரிப்போர்ட்டைத் திறந்து, எஸ்கேயூ வாரியாக, அதாவது தனித்தனிக் கட்டணம் உள்ள ஒவ்வொரு சேவை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் எதுவும் விளங்காது. வரைபடம் 3,000 முறை திறந்திருக்கிறது. ஆயிரத்துக்கு 7 டாலர் என்றால் 21 டாலர். அதில் தப்பில்லை.

அடுத்த வரிதான் தூக்கிவாரிப் போட்டது. `Autocomplete - Per Request`: 54,000 அழைப்புகள், அதாவது முகவரிப் பெட்டி கூகுளிடம் போய்க் கேட்ட தடவைகள். ஆயிரத்துக்கு 2.83 டாலர்தான், பார்க்க மலிவு. ஆனால் முகவரி தட்டும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் அழைப்பு போகிறது. சராசரியாக 12 எழுத்து தட்டுகிறார்கள், ஆக 152.82 டாலர். பெட்டி அழகாக இருக்க வேண்டுமென்று கூகுளின் ஆயத்தப் பெட்டியை விட்டுவிட்டு நானே ஒன்று எழுதினேன். ஆயத்தப் பெட்டி இதையெல்லாம் தானாகப் பார்த்துக்கொள்ளும். அழகுக்குக் கொடுத்த விலை!

இன்னொன்று. முகவரியைத் தேர்ந்ததும் அதன் விவரம் கேட்கும் அழைப்பு ஆயிரத்துக்கு 17 டாலர். எந்தெந்த விவரம் வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் எல்லாவற்றையும் அனுப்பிவிடும். தொலைபேசி எண், திறக்கும் நேரம் வகையறாவுக்கு 3 டாலர், மதிப்பீடு, விமர்சனம் வகையறாவுக்கு 5 டாலர் கூடுதல். ஆக ஆயிரத்துக்கு 25. யாரோ ஒருவருடைய வீட்டு முகவரிக்கு விமர்சனம் எதற்கு? 4,500 அழைப்புக்கு 112.50.

மூன்றையும் கூட்டினால் 286.32. கிரெடிட் போக 86.32. அண்ணன் சொன்ன கணக்கு சரிதான்.

5 செப்டம்பர்

வழி இருக்கிறது. முதல் எழுத்திலிருந்து முகவரியைத் தேர்வது வரை எல்லா அழைப்பிலும் டோக்கன் என்ற ஒரே அடையாளக் குறியை அனுப்பினால், அது ஒரே அமர்வு. எழுத்துகளுக்குக் காசில்லை, கடைசியில் வரும் விவர அழைப்புக்கு மட்டும் காசு. விவரத்தையும் இரண்டே புலத்தோடு நிறுத்தினேன்.

```js
let token = new google.maps.places.AutocompleteSessionToken();
service.getDetails({
  placeId,
  fields: ['geometry', 'formatted_address'],
  sessionToken: token
}, showAddress);
```

11 செப்டம்பர்

விவர அழைப்பின் செலவு இறங்கிவிட்டது. ஆனால் `Per Request` வரி முழுக்க மறையவில்லை. அதுவும் மதியம் 11 முதல் 2 வரை அழைப்புகள் குவிகின்றன. அது போன் ஆர்டர் நேரம்.

அப்புறம்தான் புரிந்தது. கவுண்டரில் இருக்கும் பையன் காலையில் ஒருமுறை பக்கத்தைத் திறந்தால் இரவுவரை மூடுவதில்லை. நான் டோக்கனைப் பக்கம் திறக்கும்போது ஒருமுறை மட்டும் உருவாக்கியிருந்தேன். முதல் முகவரியோடு அந்த அமர்வு முடிந்துவிடும். அதே டோக்கனை மறுபடி அனுப்பினால், டோக்கனே இல்லாதது போல எழுத்துக்கு எழுத்து கணக்கு. பிழைச் செய்தி எதுவும் வராது, முகவரியும் ஒழுங்காக வரும்; பில்லில் மட்டும்தான் தெரியும். விவர அழைப்பு போன கையோடு புது டோக்கன் போடும்படி ஒரு வரி சேர்த்தேன்.

14 செப்டம்பர்

"100 டாலர் தாண்டினால் நின்றுவிடுமா?" என்று அண்ணன் கேட்டார். பட்ஜெட் எச்சரிக்கை மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான், அழைப்புகளை நிறுத்தாது. நிறுத்த வேண்டுமானால் ஏபிஐ ஒதுக்கீட்டில் நாளொன்றுக்கு இத்தனை என்று உச்சவரம்பு வைக்க வேண்டும். வைத்தேன். வரம்பைத் தொட்டால் முகவரிப் பெட்டி வேலை செய்யாது, கையால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டேன்.

1 நவம்பர்

அக்டோபர் கணக்கு: விவர அழைப்பு 4,500, அதற்கு 76.50. வரைபடம் 21. பாதி தட்டிவிட்டு ஓடிப்போனவர்கள் 600 பேர். விவரம் கேட்காமல் முடியும் அமர்வுக்கும் ஆயிரத்துக்கு 17 டாலர் என்பதால் 10.20. மொத்தம் 107.70, முழுக்கக் கிரெடிட்டுக்குள். அண்ணன் கொத்துப் பரோட்டா அனுப்பிவைத்தார்.

1 மார்ச் 2025

இன்றோடு 200 டாலர் கிரெடிட் இல்லை. இனி ஒவ்வொரு எஸ்கேயூவுக்கும் தனித்தனி இலவச அளவு: அடிப்படை வகைக்கு மாதம் 10,000 அழைப்பு, நடுத்தரத்துக்கு 5,000, மேல் வகைக்கு 1,000. முன்பு ஒரே பை. வரைபடத்தில் மிச்சமானது முகவரிக்கு ஈடுகட்டும். இனி அது நடக்காது. ரிப்போர்ட்டை வரி வரியாக மறுபடி பார்க்க உட்கார்ந்தேன்.