பழைய பெயரில் வந்த பதில்கள்

தம்பு செட்டித் தெருவில் மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு தளத்திலும், இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம் இருக்கும். அப்படி ஒன்றில்தான் நான் பல வருடம் வேலை பார்த்தேன். கம்ப்யூட்டர், மெயில், நெட்வொர்க் எல்லாம் என் பொறுப்பு. இறக்குமதி செய்கிற கஸ்டமர்கள் தங்கள் கன்டெய்னர் பற்றிய கேள்வி, காகிதம், திருத்தம் எல்லாவற்றையும் ஒரே முகவரிக்கு மெயிலாக அனுப்புவார்கள். முன்பு அந்த மெயில் பெட்டியை ஐந்து பேர் சேர்ந்து பார்ப்போம். யார் எதற்குப் பதில் போட்டார்கள் என்று கேட்டுக் கேட்டே பாதி நாள் போய்விடும். அதனால் ரிக்வெஸ்ட் டிராக்கர் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்வோம். அப்புறம் வருகிற ஒவ்வொரு புது மெயிலும் ஒரு டிக்கெட் ஆகும், ஒரு எண் பெறும், ஒருவர் பொறுப்பில் போகும்.

இந்த ஏற்பாடு முழுவதும் சப்ஜெக்ட் வரியில் இருக்கும் ஒரு சின்னக் குறியை நம்பித்தான் நிற்கிறது. நாங்கள் அனுப்பும் மெயிலில் ஆர்.டி. அதை முன்னால் ஒட்டி அனுப்பும். கஸ்டமர் ரிப்ளை கொடுக்கும்போது அது அப்படியே திரும்பி வரும். அலுவலகப் பெயரை மாற்றி எழுதுகிறேன்:

```
Re: [palaya.example #4127] Packing list mismatch
```

மெயில் வந்து சேர்ந்ததும் ஆர்.டி. இந்த வரியில் தேடுவது ஒரே வடிவத்தைத்தான்: சதுர அடைப்புக்குறி, நம் பெயர், ஒரு இடைவெளி, # குறி, எண், அடைப்புக்குறி முடிவு. இது வரியின் எந்த இடத்தில் இருந்தாலும் சரி. கிடைத்துவிட்டால் 4127ஆம் டிக்கெட்டில் அந்த மெயிலைச் சேர்த்து, அதைக் கையில் வைத்திருப்பவருக்குத் தகவல் கொடுக்கும். கிடைக்காவிட்டால் புது டிக்கெட் திறக்கும். எந்த டிக்கெட் என்று முடிவு செய்ய மெயிலின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. கஸ்டமர் கையால் டைப் அடிக்கும்போது பெயருக்கும் # குறிக்கும் நடுவே இடைவெளி விட மறந்தால்கூடப் புது டிக்கெட்தான்.

எல்லோர் கண்ணும் எண் மேல்தான் இருக்கும். என் கண்ணும் அப்படித்தான் இருந்தது. எண்ணுக்கு முன்னால் இருக்கும் பெயருக்கும் அதே கனம் உண்டு என்பதை ஓர் ஏப்ரல் மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

அந்த நிதியாண்டுத் தொடக்கத்தில் அலுவலகத்தின் பெயர் மாறியது. போர்டு, லெட்டர்ஹெட், மெயில் முகவரி எல்லாம் மாற்றினோம். ஆர்.டி.யிலும் மாற்றச் சொன்னார்கள். `RT_SiteConfig.pm` கோப்பைத் திறந்து ஒரு வரியை மாற்றினேன்:

```perl
Set($rtname, 'pudhiya.example');
```

சர்வரை மறுபடி கிளப்பி, வீட்டு மெயிலிலிருந்து ஒரு சோதனை மெயில் போட்டேன். டிக்கெட் திறந்தது, புதுப் பெயருடன் பதில் வந்தது, அதற்கு ரிப்ளை கொடுத்தேன், சரியாகப் போய் ஒட்டியது. பழைய டிக்கெட் ஒன்றிலிருந்தும் அனுப்பிப் பார்த்தேன். அதுவும் புதுப் பெயருடன் போய், ரிப்ளை திரும்பி வந்து ஒட்டியது. முடிந்தது என்று எழுந்து போனேன்.

நான் சோதித்த மெயில்கள் எல்லாமே பெயர் மாறியபின் கிளம்பியவை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பெயர் மாறும் முன்பே கஸ்டமர்களின் இன்பாக்ஸில் போய் உட்கார்ந்திருந்த மெயில்களில் பழைய பெயர்தான் இருந்தது. அவற்றுக்கு இனிமேல்தான் ரிப்ளை வரப்போகிறது.

தோல் பதனிடும் ரசாயனம் இறக்குமதி செய்யும் ராணிப்பேட்டை கஸ்டமர் ஒருவர். பேக்கிங் லிஸ்டில் இருந்த எடையும் இன்வாய்ஸில் இருந்த எடையும் ஒத்துப்போகவில்லை. திருத்தி அனுப்பச் சொல்லி டாக்குமென்டேஷன் பார்க்கும் அக்கா மெயில் போட்டிருந்தார். அது 4127ஆம் டிக்கெட். மெயில் போனது வெள்ளிக்கிழமை, பெயர் மாறியது சனிக்கிழமை. திங்கள் காலை கஸ்டமர் திருத்திய பேக்கிங் லிஸ்டை இணைத்து, அந்த மெயிலுக்கே ரிப்ளை கொடுத்தார். வரியில் பழைய பெயர். நம் பெயர் அல்ல என்று ஆர்.டி. ஒதுக்கிவிட்டு 4391 என்று புது டிக்கெட் திறந்தது.

இதில் மோசமானது, தவறு நடந்தது இரண்டு பக்கமும் தெரியாமல் போனதுதான். புது டிக்கெட் திறந்தவுடன் 'உங்கள் மெயில் கிடைத்தது' என்று தானியங்கிப் பதில் கஸ்டமருக்குப் போய்விட்டது. அவர் நிம்மதியாக இருந்தார். அக்காவோ 4127ஐத் திறந்து திறந்து பார்த்தார். அதில் ஒன்றும் வரவில்லை. 4391 யார் பொறுப்பிலும் இல்லாத புதுக் கேள்விகளின் வரிசையில் கிடந்தது. அதைப் பார்த்த பையன் 'பேக்கிங் லிஸ்ட் இணைத்துள்ளேன்' என்ற ஒரே வரியைப் படித்துவிட்டு, எந்த ஷிப்மென்ட் என்று புரியாமல் அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. முந்தைய பேச்சு முழுவதும் வேறு எண்ணில் இருந்தது.

புதன்கிழமை அக்கா போன் செய்து கேட்டார். "திங்கட்கிழமையே அனுப்பிட்டேம்மா, கிடைச்சுதுன்னு உங்க பதிலும் வந்துச்சே" என்றார் கஸ்டமர். அக்கா என் மேஜைக்கு வந்தார். "தம்பி, அவர் அனுப்பிட்டேங்கிறார். என்கிட்ட வரலை. இன்னைக்கோட ஃப்ரீ டேஸ் முடியுது." கன்டெய்னர் மணலிப் பக்கம் சி.எஃப்.எஸ். என்கிற சரக்கு நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. கட்டணம் இல்லாமல் அதை வைத்திருக்கக்கூடிய நாட்கள்தான் ஃப்ரீ டேஸ். அன்று தப்பிக்க முடியவில்லை. அதிகப்படியாக நின்ற நாட்களுக்கு ஷிப்பிங் லைனுக்குக் கட்ட வேண்டிய பணத்தை அலுவலகமே ஏற்றுக்கொண்டது. அது என் தவறுக்கான பணம்.

4391ஐத் தேடி எடுத்ததும் காரணம் கண்ணில் பட்டது. போன பதிலின் சப்ஜெக்ட் இப்படி இருந்தது:

```
[pudhiya.example #4391] Re: [palaya.example #4127] Packing list mismatch
```

ஒரே வரியில் இரண்டு எண். இதுதான் அடையாளம். ஆர்.டி. ஒரு குறியைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டால் புது எண் கொடுக்காது. ஏற்காதபோது பழைய குறியைச் சாதாரண எழுத்து என்று நினைத்து, புது டிக்கெட்டின் தலைப்பிலேயே விட்டுவிடும். அப்படியானால் தலைப்பில் பழைய பெயர் இருக்கும் டிக்கெட்டுகளைத் தேடினால் போதும்:

```
Subject LIKE 'palaya.example #'
```

மூன்று வேலை நாளில் 17 டிக்கெட் அப்படி வழிதவறியிருந்தன.

திருத்தும்போது மேலாளர் சார் பக்கத்தில் வந்து நின்றார். "பெயரைப் பார்க்காம எண்ணை மட்டும் எடுத்துக்கச் சொல்லிடலாமே? இனிமே பெயர் எத்தனை தடவை மாறினாலும் பிரச்சினை வராது இல்ல?" நியாயமான கேள்விதான். ஆனால் நமக்கு மெயில் எழுதுகிறவர்களில் ஷிப்பிங் லைன் ஏஜென்ட்டும் உண்டு. அவர்களும் இதேபோல ஒரு டிக்கெட் மென்பொருள் வைத்திருக்கிறார்கள். அவர்கள் மெயிலில் அவர்கள் பெயரும் அவர்கள் எண்ணும் இருக்கும். அவர்களுடைய 3980ஆம் டிக்கெட் பற்றிய மெயில் வந்தால், பெயரைப் பார்க்காத ஆர்.டி. அதை நம்முடைய 3980இல் சேர்த்துவிடும். அது வேறு ஒரு இறக்குமதியாளருடையது. ஒருவருடைய இன்வாய்ஸ் இன்னொருவருடைய கோப்புக்குள் போகும். இதைச் சொன்னதும் சார், "அப்போ பெயர் இருக்கட்டும்" என்றார்.

சரியான வழி, நம்முடைய பெயர்கள் எவை என்று ஆர்.டி.க்கு ஒரு பட்டியலாகச் சொல்வது:

```perl
Set($EmailSubjectTagRegex,
    qr/(?:palaya\.example|pudhiya\.example)/i);
```

இந்த வரியில் இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, இதை எழுதிவிட்டால் உள்ளே வரும் மெயிலில் குறியைத் தேடும்போது `$rtname` கணக்கில் வராது. பழைய பெயரை மட்டும் எழுதினால் புதுப் பெயர் ஒட்டாமல் போகும். இரண்டும் இருக்க வேண்டும். இரண்டாவது, அடைப்புக்குறிக்குள் இருக்கும் `?:`. அது இல்லாமல் வெறும் அடைப்புக்குறி போட்டால், அதற்குள் பிடிபடும் பெயரும் ஒரு விடையாக எண்ணப்படும். எண்ணை எதிர்பார்த்த இடத்தில் பெயர் வந்து நிற்கும். பிந்தைய பதிப்புகளில் இதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஆனாலும் ஆர்.டி.யின் கையேடு சொல்கிறபடி எழுதுவதே நல்லது.

இந்த முறை ஒழுங்காகச் சோதித்தேன். அக்காவின் கஸ்டமர் ஒருவரிடம் கேட்டு, அவருடைய இன்பாக்ஸில் பழைய பெயருடன் இருந்த ஒரு நிஜ மெயிலுக்கு ரிப்ளை கொடுக்கச் சொன்னேன். ஒட்டியது. புதுப் பெயரில் ஒன்று, ஏஜென்ட்டின் பெயரில் ஒன்று அனுப்பினேன். முன்னது ஒட்டியது, பின்னது புது டிக்கெட் ஆனது. மூன்றும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

அப்புறம் 17 டிக்கெட்டையும் ஒவ்வொன்றாகப் படித்து, புதியதைப் பழையதற்குள் இணைத்தேன். திசை முக்கியம். 4391ஐ 4127க்குள் இணைத்தால், பிறகு இரண்டில் எந்த எண்ணுக்கு மெயில் வந்தாலும் 4127இல் சேரும். கஸ்டமர்கள் கையில் இரண்டு எண்ணும் இருந்ததால் எனக்கு அதுதான் தேவை. ஆனால் இணைத்ததைப் பிரிக்க ஆர்.டி.யில் பொத்தான் கிடையாது. அதனால் அக்காவை அருகில் உட்கார வைத்து, ஒவ்வொன்றும் அதே ஷிப்மென்ட்தானா என்று கேட்டுக் கேட்டுச் செய்தேன்.

அதில் இரண்டு இடத்தில் அக்கா "இது வேற கன்டெய்னர், இணைக்காதே" என்று நிறுத்தினார். புது விஷயத்துக்குப் புது மெயில் எழுதாமல், கையில் கிடைத்த பழைய மெயிலுக்கே ரிப்ளை கொடுப்பது எங்கள் கஸ்டமர்கள் பலரின் பழக்கம். குறி சரியாக வேலை செய்திருந்தால் அந்த இரண்டும் முடிந்துபோன டிக்கெட்டுகளை மறுபடி திறந்து, தவறான ஷிப்மென்டோடு ஒட்டியிருக்கும். இதற்குக் குறியிடம் பதில் இல்லை. அது எந்த மெயிலுக்கு ரிப்ளை என்று மட்டுமே சொல்லும். அதனால் மூடிய டிக்கெட் மறுபடி திறந்தால் முதலில் கன்டெய்னர் எண்ணைப் பார், வேறாக இருந்தால் புது டிக்கெட்டாகப் பிரித்துவிடு என்று அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்தும் பழைய பெயருடன் பதில்கள் வந்துகொண்டிருந்தன. நான் அந்த அலுவலகத்தை விட்டுக் கிளம்பும்போது, அடுத்து வருகிறவருக்காக அந்த வரியின் மேல் இரண்டு வரி எழுதி வைத்தேன்:

```perl
# பழைய பெயரை நீக்க வேண்டாம்.
# கஸ்டமர்களின் இன்பாக்ஸில் அது இன்னும் இருக்கிறது.
```