மேனேஜர் கேட்ட எட்டு கிஃப்ட் கார்டு

அக்கவுண்ட்ஸில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. லிங்க்டுஇன்னில் புது வேலையைப் பெருமையாகப் போட்டிருந்தேன், அங்கிருந்துதான் என்னைப் பிடித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு மதியம் தெரியாத நம்பரிலிருந்து வாட்ஸ்அப் வந்தது. டிபியில் எங்கள் ஜெனரல் மேனேஜர் படம், கம்பெனி வெப்சைட்டில் இருக்கும் அதே கோட்டு சூட்டு படம்.

முதலில் ‘ஆபீஸில் இருக்கிறாயா’ என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. இருக்கிறேன் சார் என்றேன். மீட்டிங்கில் இருக்கிறேன், போன் எடுக்க முடியாது, கிளையண்டுகளுக்குத் தர 5,000 ரூபாய் அமேசான் கிஃப்ட் கார்டு எட்டு உடனே வேண்டும், உன் கார்டிலேயே வாங்கு, சாயங்காலம் பணம் வந்துவிடும், சர்ப்ரைஸ் என்பதால் யாரிடமும் சொல்லாதே என்று அடுத்தடுத்து வந்தது. உண்மையைச் சொன்னால், 40,000 ரூபாய்க்கு என் கிரெடிட் கார்டில் லிமிட் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். புதுசாகச் சேர்ந்தவளுக்கு ஜி.எம். நேரடியாக மெசேஜ் போட்டால் அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் வந்த மெசேஜில்தான் உறைத்தது. கார்டை அனுப்ப வேண்டாமாம், மெயிலில் வரும் கோடு நம்பரை மட்டும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமாம். கோடு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர், தன் கணக்கில் ஏற்றிக்கொண்டால் அவ்வளவுதான். கிளையண்டுக்குப் பரிசு தருகிறவருக்கு எதற்கு எட்டு கோடின் போட்டோ? அதோடு, முந்தின நாள்தான் 280 ரூபாய் ஆட்டோ செலவுக்குப் பில் இல்லை என்று இதே மனிதர் என் வவுச்சரைத் திருப்பி அனுப்பியிருந்தார். அவரா பில்லைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் 40,000 கேட்பார்?

அந்த நம்பருக்கு போன் செய்தேன், கட் ஆனது, ‘மீட்டிங் என்றேனே’ என்று கோபமாக ஒரு வரி வந்தது. சரி என்று எழுந்து மாடிக்குப் போனேன். சார் கேபினில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போனைக் காட்டியதும் கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, “நான் எப்பம்மா இவ்வளவு டைப் பண்ணினேன்?” என்றார். உண்மைதான், அவர் வாய்ஸ் நோட் தவிர வேறு எதுவும் அனுப்புவதில்லை.

உடனே எல்லோரையும் விசாரித்தோம். டிஸ்பேட்சில் ஒரு தம்பி அதற்குள் இரண்டு கார்டு வாங்கி, ஒன்றின் கோடை அனுப்பியும்விட்டான். இரண்டாவதை அங்கேயே அவன் கணக்கில் ஏற்றச் சொன்னேன், அது தப்பியது. முதலாவதற்குக் கஸ்டமர் கேரில் கேட்டால், அது ஏற்கெனவே வேறு கணக்கில் ஏறிவிட்டதாம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு போன் செய்து புகார் பதிந்தோம், 5,000 ரூபாய் திரும்பவில்லை.

‘பில் எந்தப் பெயரில் வேண்டும் சார், ஜிஎஸ்டி நம்பர் போடட்டுமா?’ என்று அந்த நம்பருக்குக் கடைசியாக ஒன்று அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார்கள்.