ஓலையில் மூக்கு எங்கே இருக்கிறது?

சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை செய்வதைப் பற்றி நான் எடுக்கும் ஆவணப்படத்துக்கு மூன்றாவது நாள் படப்பிடிப்பு முடிந்தது. ஓலை மடிக்கும் காட்சி கையில் வந்துவிட்டது. ஏழே நொடிதான், ஆனால் படமே அதன் மேல்தான் நிற்கப் போகிறது.

முதல் நாள் ஸ்தபதியிடம் இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தேன். வீட்டில் வந்து வெட்டிப் பார்த்தால் ஒன்றரை நிமிடம்கூடத் தேறவில்லை. தப்பு என் கேள்விகளில்தான். "பஞ்சலோகம்னா என்னங்கய்யா?" என்று கேட்டால் செம்பு, பித்தளை, ஈயம், கொஞ்சம் வெள்ளி, துளி பொன் என்று பட்டியல் வரும். "அளவு எப்படித் தெரியும்?" என்றால் "சாஸ்திரத்துல இருக்கு தம்பி." அவ்வளவுதான். அவர் கையில் எதுவும் இல்லாதபோது கேட்ட கேள்விக்கெல்லாம் புத்தகப் பதில்தான் வந்தது.

அதனால் இந்த முறை பேட்டியைப் பட்டறைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சிலையின் உயரத்துக்கு வெட்டிய தென்னை ஓலையை அவர் எடுத்ததும், "இந்த ஓலையில மூக்கு எங்கய்யா இருக்கு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மடிக்க ஆரம்பித்தார். முகத்தின் நீளம் வரும் துண்டை மூன்றாக மடித்து நகத்தால் கோடு கிழித்தார். "இது நெத்தி, இது மூக்கு, இது மோவாய். மூணும் ஒரே அளவு." பிறகு அதே ஓலையை மெழுகு உருவத்தின் முகத்தில் வைத்துக் காட்டினார். பார்க்கிறவருக்குத் தாளம், அங்குலம் என்ற சிற்ப அளவுகள் எதையும் நான் விளக்கவே வேண்டாம்.

இதற்குத் தேவைப்பட்டவை ஐந்து ஷாட்: விரல்கள் மட்டும், முகம், தோளுக்குப் பின்னாலிருந்து, பட்டறை முழுவதும், ஓலை மெழுகைத் தொடும் மிக நெருக்கம். ஒவ்வொன்றும் குறைந்தது பத்து நொடி அசையாமல். ஒரே காமிரா என்பதால் ஐந்து முறை மடிக்கச் சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது முறை ஓலையை இடது கையில் பிடித்துவிட்டார், எடிட் செய்யும்போது மற்ற ஷாட்களோடு ஒட்டவில்லை. இனிமேல் ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் கைபேசியில் கையைப் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

மைக் இன்னொரு தலைவலி. அவர் வேலை செய்வது வேட்டியும் துண்டுமாக, சட்டை கிடையாது. துண்டில் குத்தினால் உரசல் சத்தம். மருந்துக்கடை பிளாஸ்திரியால் நெஞ்சில் ஒட்டினோம், வியர்வையில் அரை மணியில் கழன்றது. கடைசியில் மெழுகு உருவம் வைத்திருந்த பலகைக்குக் கீழே சின்ன மைக்கை வைத்தேன். ஓலை மடிகிற சத்தமே கேட்கிறது!

வார்ப்பு நாளுக்கான திட்டம் தனி. மெழுகு உருவத்தின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய அச்சில் உலோகத்தை ஊற்றும் நாள் அது. அங்கே "இன்னொரு தடவை" என்று கேட்கவே முடியாது. உலோகம் ஒரே தாரையாக, நிற்காமல் விழ வேண்டும். நடுவில் நின்றால் முன்பு விழுந்தது இறுகிவிடும், சிலையில் ஒட்டாத கோடு விழும். அச்சில் ஈரம் மிஞ்சியிருந்தால் நீராவி உலோகத்தைத் தூக்கி எறியும். அதனால் இரண்டு காமிரா: ஒன்று தூரத்தில் முக்காலியில், இன்னொன்று அச்சின் வாயைப் பார்த்து, நீள லென்ஸோடு. எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெள்ளைச் சமநிலை மூன்றும் மேனுவல். தானியங்கியில் விட்டால் உருகிய உலோகத்தைக் கண்டதும் படம் இருண்டு, புகையில் ஃபோகஸ் அலையும். உலோகம் உருக்கும் மூசையின் மூடியைத் திறக்கும்போது தெரியும் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுவேன். முகங்கள் இருட்டாகத் தெரிந்தால் தெரியட்டும்.

அமைப்பு எளிது. ஒரு அடி உயர அம்பாள் ஒன்றைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை தொடர்வது: ஓலை, மெழுகு, வண்டல் மண் பூச்சு, வார்ப்பு, அச்சை உடைத்தல், உளிவேலை, கண் திறப்பு. பன்னிரண்டு நிமிடம். பட்டறையில் எல்லா நிலையிலும் வேறு சிலைகள் கிடைக்கும், அவற்றை எடுத்து ஒட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும். நான் அதைச் செய்யப் போவதில்லை. அந்த முகத்தை மூன்றாக மடித்ததைப் பார்த்தவர், கடைசியில் அதே முகத்தைத்தான் பார்க்க வேண்டும்.

உலோகத்தை எடை போடும் காட்சி இன்னும் பாக்கி. மண் பூசும் முன் இருந்த மெழுகின் எடையைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும் என்று கணக்கு. தராசை வைத்து, "அந்த மெழுகுக்கு எவ்வளவு செம்புய்யா?" என்று கேட்க வேண்டும். இப்போது முதல் மண் பூச்சு நிழலில் காய்கிறது. காய்ந்ததும் ஐயா போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை ஒன்றையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.