பால், சர்க்கரை, தண்ணீர்: என் முகப்பருவில் சோதித்துப் பார்த்தது

தாடையிலும் கன்னத்தின் ஓரத்திலும் சிவந்து, தொட்டாலே வலிக்கிற பருக்கள் எனக்குக் கல்லூரி முடிந்த பிறகுதான் வர ஆரம்பித்தன. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது மூன்றே விஷயம்: பாலை நிறுத்து, இனிப்பைக் குறை, தண்ணீர் நிறையக் குடி. இதில் எது உண்மை என்று தெரிந்துகொள்ளாமல் காபியை விட எனக்கு மனமில்லை. அதனால் தோல் டாக்டரிடம் போனபோது முதலில் கேட்டதே இதைத்தான்.

அவர் சொன்னது இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "சாப்பாட்டை மாத்திப் பாக்கணும்னா தாராளமா பாருங்க. ஆனா முதல்ல க்ரீம் போட்டு மூணு மாசம் போகட்டும். ரெண்டையும் ஒரே நாள் ஆரம்பிச்சா எது வேலை செஞ்சதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது." ராத்திரிக்கு அடாபலீன் 0.1 சதவீத ஜெல், காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். (கர்ப்பமாக இருப்பவர்களுக்கு அடாபலீன் ஆகாது, டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.) முதல் சில வாரம் தோல் உரிந்தது, எரிந்தது, அப்புறம் பழகிவிட்டது. மூன்று மாதத்தில் பருக்கள் பாதிக்கும் கீழே வந்து, அதற்கு மேல் குறையாமல் ஒரே நிலையில் நின்றன. சாப்பாட்டைச் சோதிக்க அதுதான் சரியான நேரம்.

எண்ணுவதற்கும் ஒரு முறை சொல்லிக் கொடுத்தார். நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று பிரித்து, சிவந்த பருவைத் தனியாகவும் சின்ன வெண்புள்ளி, கரும்புள்ளியைத் தனியாகவும் எண்ண வேண்டும். அதே ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுக்க வேண்டும். எனக்கு மாதவிலக்குக்கு முந்தின வாரம் பரு கூடும், அதனால் ஒரு மாதத்தின் எண்ணிக்கையை அடுத்த மாதம் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் எந்த உணவையும் குற்றவாளியாக்கிவிடலாம். இன்னொன்று, இன்று முகத்தில் தெரிகிற பரு பல வாரங்களுக்கு முன்பே துளைக்குள் அடைப்பாகத் தொடங்கியிருக்கும். நேற்றுச் சாப்பிட்ட லட்டுதான் இன்றைய பரு என்று சொல்வது அதனால்தான் நிற்காது.

தண்ணீரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். தண்ணீர் கூடக் குடித்தால் பரு குறையும் என்று காட்டிய ஒழுங்கான சோதனை எதுவும் இல்லை. பருவுக்குக் காரணம் ஹார்மோன் சொல்லி எண்ணெய் சுரக்கிற சுரப்பி, துளை வாயில் சேர்கிற செத்த செல்கள், அங்கே வளர்கிற பாக்டீரியா, அதோடு வரும் அழற்சி. இதில் எதையும் கூடுதலாகக் குடிக்கும் ரெண்டு லிட்டர் கழுவிக்கொண்டு போவதில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும். மருந்தால் முகம் காய்ந்தால் அதற்கு மாய்ஸ்சரைசர்தான் வேலை செய்யும்.

பால் கொஞ்சம் சிக்கலானது. அமெரிக்க நர்ஸ்கள் நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த ஆய்வு 2005-ல் வந்தது. பள்ளி வயதில் நிறையப் பால் குடித்தவர்களிடம் கடுமையான பரு இருந்ததாகச் சொன்னவர்கள் சுமார் 22 சதவீதம் அதிகம், கொழுப்பு நீக்கிய பாலில் அது 44 சதவீதம். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் முப்பது நாற்பது வயதைத் தாண்டிய பிறகு, பள்ளியில் என்ன சாப்பிட்டோம் என்று நினைவிலிருந்து சொன்ன பதில்கள் அவை. நான் போன வாரம் எத்தனை காபி குடித்தேன் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. அதற்குப் பிறகு 2018-ல் எழுபத்தெட்டாயிரம் பேருக்கு மேல் அடங்கிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஒரு சின்னத் தொடர்பு தெரிந்தது, ஆனால் அவையும் கேட்டு எழுதிய ஆய்வுகள்தான். பாலை நிறுத்தச் சொல்லி, நிறுத்தாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுச் செய்த நல்ல சோதனைதான் இங்கே இல்லாதது. அதனால் பால் காரணமாக இருக்கலாம், நிரூபணம் இல்லை, அவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். ஜிம்முக்குப் போகிறவர்கள் பாலிலிருந்து எடுக்கிற வே புரோட்டீன் பவுடர் தொடங்கியதும் பரு வந்து, நிறுத்தியதும் குறைந்த தனிப்பட்ட கேஸ்களை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைச் சாப்பிடுகிறவர் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது நியாயம்.

நான் க்ரீமை மாற்றாமல் மூன்று மாதம் பால், தயிர், காபி எல்லாவற்றையும் விட்டேன். எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியது. அங்கேயே நிறுத்தியிருந்தால் பால்தான் காரணம் என்று இன்றைக்கு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். ஆனால் டாக்டர் திரும்பச் சேர்க்கவும் சொல்லியிருந்தார், சேர்த்த பிறகு அடுத்த மூன்று மாதத்தில் எதுவும் ஏறவில்லை. என் முகத்துக்குப் பால் ஒரு பொருட்டில்லை. உங்களுக்கு அப்படியே இருக்க வேண்டும் என்றில்லை, ஆனால் திரும்பச் சேர்த்துப் பார்க்காத வரை பதில் கிடைத்ததாக நினைக்காதீர்கள். பாலை நிரந்தரமாக விடுகிறவர்கள் கால்சியத்துக்குக் கேழ்வரகு, எள், கீரை என்று வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை விஷயத்தில்தான் ஆதாரம் ஓரளவு கெட்டி. ரத்தச் சர்க்கரை வேகமாக ஏறும்போது இன்சுலின் ஏறுகிறது, அதோடு ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் வேலையும் கூடுகிறது, இரண்டும் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டுகின்றன. 2007-ல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள 43 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் புரதம் கூட்டி, மெதுவாக ஜீரணமாகும் தானியங்கள் கொடுத்தார்கள். 12 வாரத்தில் அவர்களுக்குச் சராசரியாக 23.5 பரு குறைந்தது. நான் எல்லோருக்கும் காட்ட விரும்புவது அடுத்த எண்ணைத்தான்: வழக்கம்போலச் சாப்பிட்ட மறுபாதிக்கும் 12 பரு குறைந்தது. அதாவது அந்த முன்னேற்றத்தில் பாதி உணவை மாற்றாமலே வந்தது. பரு தானாக ஏறும், தானாக இறங்கும், நாமோ அது உச்சத்தில் இருக்கும்போதுதான் ஏதாவது ஒன்றை விடத் தொடங்குகிறோம். தவிர, உணவை மாற்றியவர்கள் எடையும் மூன்று கிலோ அளவுக்குக் குறைந்தார்கள், மீதிப் பலன் உணவாலா எடையாலா என்று பிரிப்பது கடினம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சோதனை இனிப்பை மட்டும் விட்ட சோதனை இல்லை. ஜிலேபியை விட்டுவிட்டு காலையில் இட்லி, மதியம் தட்டு நிறைய வெள்ளைச் சோறு, ராத்திரி தோசை என்றால் ரத்தச் சர்க்கரை ஏறுவது பெரிதாக மாறாது. நான் சோற்றைப் பாதியாக்கி, கொண்டைக்கடலை, முட்டை, பயறு, காய் என்று கூட்டினேன், இனிப்பையும் குறைத்தேன். மூன்று மாதத்தில் புதிய சிவந்த பருக்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்தன, எடையும் கொஞ்சம் குறைந்தது, எனவே எனக்கும் அந்த ஆஸ்திரேலியச் சந்தேகம் அப்படியே இருக்கிறது. சோற்றைப் பழையபடி கூட்டிச் சோதிக்க நான் விரும்பவில்லை, இந்தச் சாப்பாடு எனக்குப் பிடித்துவிட்டது.

பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-லும், அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024-லும் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இந்த உணவுமுறை எதையும் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் சொல்கின்றன. அடாபலீனுக்கும் பென்சாயில் பெராக்சைடுக்கும் அதே 2024 வழிகாட்டுதலில் உறுதியான பரிந்துரை உண்டு. காபி திரும்பி வந்துவிட்டது, ராத்திரி ஜெல் மட்டும் நான் விடவில்லை.