ஆச்சிக்கு ஒரு நினைவூட்டல்

"உடனே கட்டாவிட்டால் பாலிசி ரத்து."

காரைக்குடி ஆச்சி ஒருவருக்கு அனுப்ப நம் ஆபீஸ் தம்பி தட்டிவைத்திருந்த வரி. தேதி இல்லை, தொகை இல்லை, மிரட்டல் மட்டும் இருந்தது.

அரையாண்டு பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக்காலம் உண்டே! மாற்றி எழுதினோம்:

"வணக்கம் ஆச்சி. அக்டோபர் 5-ல் கட்டவேண்டிய ஆயுள் காப்பீட்டு பிரீமியம் ரூ.12,400 இன்னும் வரவாகவில்லை. நவம்பர் 4 வரை கட்டலாம், அதுவரை காப்பீடு தொடரும். அப்புறம் பாலிசி காலாவதியாகிவிடும். புதுப்பிக்க வட்டியும், சிலசமயம் மருத்துவப் பரிசோதனையும் கேட்பார்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் ரசீதை அனுப்புங்கள், சரிபார்க்கிறேன்."

கண்டிப்பை அந்த நவம்பர் 4 பார்த்துக்கொள்ளும்.

கடைசி வரியை விடவே கூடாது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் கட்டியிருப்பார், நம் பட்டியலில் ஏறியிருக்காது. கட்டியவரை மிரட்டினால் அடுத்த பாலிசி வேறு ஏஜெண்டிடம்தான்.