வகுப்பைப் பதிவு செய்ய அனுமதி: மூன்றாவது கடிதத்தில்தான் கிடைத்தது

முதல் கடிதம் கொடுத்த நாளிலிருந்து பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட நாள் வரை பத்தொன்பது நாள். என் மாணவி பள்ளிக்கு வர முடியாமல் இருந்தது மொத்தமே ஆறு வாரம். பாதி நாள் கடிதத்திலேயே போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. வேறு யாருக்கும் அப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்பதை இங்கே எழுதப் போவதில்லை. முதல் கடிதத்தில் நான் செய்த பெரிய தப்பே அதை எழுதியதுதான். பெயர், பிரிவு, என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் எழுதி, "ஆகவே பாடங்களை வீடியோ எடுக்க அனுமதி வேண்டுகிறேன்" என்று முடித்திருந்தேன். காரணம் கனமாக இருந்தால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

ஆபீசில் கொடுத்தேன். வரவுப் பதிவேட்டில் ஏற்றவில்லை, நகலில் சீல் வைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு நாள் கழித்துப் போய்க் கேட்டால், "எந்த லெட்டர் டீச்சர்? எங்கிட்ட வரலியே" என்றார் கிளார்க். கடைசியில் அது ஸ்டாஃப் ரூம் மேஜையில் வருகைப் பதிவேடுகளுக்கு அடியில் கிடந்தது. பிரித்தபடியே கிடந்தது. மறுநாள் வகுப்பில் பிள்ளைகளே அந்த நோயின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டார்கள். ராத்திரி அந்தப் பிள்ளையின் அம்மா போனில் அழுதார். கடிதத்தில் "நீண்ட நாள் வர இயலாத மாணவர்" என்ற அளவு போதும். மற்றதைப் பிரின்சிபாலிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது கடிதத்தில் பெயர் கிடையாது. நேரே பிரின்சிபால் கையில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அவர் படித்துவிட்டு மூன்றே கேள்வி கேட்டார். பிள்ளைகள் முகம் தெரியுமா? எங்கே வைப்பீங்க? எப்போ அழிப்பீங்க? ஒன்றுக்கும் கடிதத்தில் பதில் இல்லை. ஒரு வகுப்பை எடுத்துக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்.

கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஸ்டாண்டில் போனை நிறுத்தி, வட்டத்துக்குத் தொடுகோடு வரையும் பாடத்தை முழுப் பீரியடும் எடுத்தேன். 45 நிமிடம் கிட்டத்தட்ட 5 ஜிபி வந்தது. பிள்ளைகளின் பின்னந்தலைதான் தெரிந்தது, முகம் இல்லை. இது போதும் என்று தைரியமாகப் போட்டுக் காட்டினேன். எட்டாவது நிமிடத்தில் என் குரல் வந்தது. ஒரு பையனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போன பரீட்சையில் அவன் வாங்கிய மார்க்கையும் சொல்லி அதட்டுகிறேன். பிரின்சிபால் அங்கேயே நிறுத்தினார். "டீச்சர், இந்தப் பய வீட்டுல இதக் கேட்டா என்ன நினைப்பாக?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முகத்தை மட்டும் யோசித்திருந்தேன். ஒரு வகுப்பில் யார் யார், யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பதெல்லாம் சத்தத்தில்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் இன்னொரு அதிர்ச்சி. வீட்டில் மகள் வைத்திருக்கும் டேப்லெட்டில் அதே வீடியோ ஓடுகிறது. என் போன் தானாகவே கூகுள் ஃபோட்டோஸில் ஏற்றிவிட்டது, அதே கூகுள் கணக்குதான் டேப்லெட்டிலும். பதிவு எடுக்கப்போகும் போனில் முதலில் Backup-ஐ அணைத்துவிடுங்கள். அழிக்கும்போது Trash-ஐயும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் அழித்தது அங்கேயே பல நாள் கிடக்கும்.

அப்புறம் பெற்றோர் சம்மதம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது ஆகாதவர்கள் எல்லாரும் குழந்தைகள், அவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று பிரின்சிபால் சொல்லி, ஆபீசில் இருந்த ஆங்கிலப் படிவத்தை அனுப்பச் சொன்னார். 38 பேரில் 11 பேர்தான் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளில் நிறைய பேருக்கு அம்மா பீடி சுற்றுகிறவர். ஒரு பக்க ஆங்கிலத்தில் அவர் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவார்? தமிழில் நான்கே வரி எழுதி, "சம்மதம்", "சம்மதம் இல்லை" என்று இரண்டு கட்டமும் போட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் 37 வந்துவிட்டது.

மீதி ஒருவர் நேரில் வந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "எம் பிள்ள பேருகூட அதுல வரக்கூடாது டீச்சர். நாங்க இங்க இருக்கது அவுக அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்." அந்த ஒரு வார்த்தைக்காகவே கடிதத்தை முழுக்க மாற்றினேன். முழுப் பீரியட் எடுக்கும் யோசனையையே விட்டேன். வருகை எடுத்து முடித்த பிறகு, நான் விளக்கும் பதினைந்து நிமிடம் மட்டும். போன் முதல் பெஞ்சுக்கு முன்னால், கரும்பலகையைப் பார்த்து. காலர் மைக் என் புடவையில். பிள்ளைகள் சந்தேகம் கேட்கத் தொடங்கினால் பதிவை நிறுத்திவிடுவது. நேரில் வந்தவரின் பிள்ளை இடம் மாறி உட்காரவும் வேண்டியதில்லை.

எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யூடியூபில் Unlisted போடலாம் என்றார் ஒருவர். லிங்க் கையில் இருக்கிற யாரும் பார்க்கலாம், லிங்க்கை யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று நமக்குத் தெரியாது. வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் ஒவ்வொருவர் போனிலும் ஒரு பிரதி இறங்கிவிடும், அதை நாம் போய் அழிக்க முடியாது. வர முடியாத மாணவியின் வீட்டில் ஈமெயிலும் இல்லை. ஆனால் டிவியில் யூஎஸ்பி இருந்தது. அதனால் பென் டிரைவ். அவள் தங்கை எங்கள் பள்ளியிலேயே படிக்கிறாள், திங்கள்தோறும் கொண்டுவந்து மாற்றிக்கொண்டு போவாள்.

மூன்றாவது கடிதத்தின் நடுப்பகுதி இது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்:

"பதிவில் கரும்பலகையும் என் குரலும் மட்டும் இடம்பெறும். மாணவர் முகம், பெயர், குரல், மதிப்பெண் எதுவும் இடம்பெறாது. தவறி இடம்பெற்றால் அப்பகுதியை வெட்டிய பின்னரே வழங்கப்படும். மூலப் பிரதி தங்கள் அறையில் உள்ள பள்ளி ஹார்டு டிஸ்கில் மட்டும் இருக்கும். என் போனில் அன்றே அழிக்கப்படும். பதிவு பெறும் மாணவரின் பெற்றோர், பிறருக்குப் பகிர்வதில்லை என எழுதித் தருவார். பொதுத்தேர்வு முடிந்த 15 நாளில் எல்லாப் பிரதிகளும் தங்கள் முன்னிலையில் அழிக்கப்பட்டு, பதிவேட்டில் குறிக்கப்படும். எந்தப் பெற்றோரும் எப்போது வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்."

பிரின்சிபால் ஒரே ஒரு திருத்தம் செய்தார். ஹார்டு டிஸ்க் கீழே வேண்டாம், மாடி பீரோவில் இருக்கட்டும் என்றார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர் போனதை அவர் மறக்கவில்லை. தாளாளர் ஒப்புதல் மறுநாளே வந்தது.

அடுத்த மூன்று வாரம் சிக்கலே இல்லை. வெட்டிச் சுருக்கினால் ஒரு பாடம் 150 எம்பிக்குள் அடங்கியது. இரண்டு இடத்தில் பிள்ளைகள் குரல் வந்தது, வெட்டினேன்.

ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் அந்த மாணவியே பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரின்சிபால் கம்ப்யூட்டரில் போட்டு அதையும், பீரோவிலிருந்து எடுத்த ஹார்டு டிஸ்கையும் அழித்தோம். பதிவேட்டில் அவர் கையெழுத்து, என் கையெழுத்து, அவள் அம்மாவின் கையெழுத்து. முதல் கடிதத்தையும் ஆபீஸ் ஃபைலிலிருந்து கேட்டு வாங்கி, அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டேன்.