விளம்பரம் வருவதற்கு முந்தைய மாதங்கள்

மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் வாகனங்களுக்கான ரப்பர் உதிரிபாகம் செய்யும் சிறிய ஆலை ஒன்றில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். வேறு வேலை தேட ஆரம்பித்த முதல் ஏழு மாதங்களில் 63 விண்ணப்பங்கள் அனுப்பினேன். வேலைவாய்ப்புத் தளத்திலிருந்து கைப்பேசியில் மணி அடித்தால் போதும், அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே விண்ணப்பித்துவிடுவேன். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தக்கபடி பயோடேட்டாவில் நான்கு வரிகளை மாற்றுவதும் உண்டு.

வந்தவை நான்கு அழைப்புகள். அதில் ஒன்றுக்காகப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போனேன். எதிரே இருந்தவர் தாளைப் புரட்டிவிட்டு, "சிலிகான் வார்ப்பில் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் மேடம்" என்றார். அந்த வரியை எந்த இரவில் எழுதினேன் என்றே நினைவுக்கு வரவில்லை. எங்கள் ஆலையில் சிலிகான் ஓடியதே ஆறு மாதம்தான். திரும்பி வரும்போது, திண்டுக்கல் தாண்டிய பிறகு, பையனின் பழைய நோட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, உண்மையில் எங்கே வேலை செய்ய ஆசைப்படுகிறேன் என்று எழுதிப் பார்த்தேன்.

முதலில் பதினொரு பெயர்கள் வந்தன. ஐந்தாகக் குறைத்தேன். திருநகரில் இருக்கும் என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியாதவை முதலில் போயின. அடுத்து, தரப் பிரிவு உற்பத்தி மேலாளரின் கீழ் இயங்கும் ஆலைகளை அடித்தேன். இது வெளியாருக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். மாதக் கடைசியில் சரக்கை அனுப்பியே ஆக வேண்டும் என்று நெருக்குபவரே நமக்கு மேலதிகாரியாகவும் இருந்தால், நிறுத்திவைத்த பெட்டி எப்படி லாரி ஏறும் என்பதை நான் ஒன்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். மிஞ்சிய ஐந்தில் நான்கு ரப்பர் ஆலைகள், ஒன்று மருத்துவக் கருவி செய்யும் நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் இரண்டு பக்கம். ஞாயிறு மாலை அரை மணி நேரம் அதற்கு. கைப்பேசி மணியை அணைத்துவிட்டேன்.

நிறுவனங்களின் இணையதளங்களைப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை என்பது இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது. நம் பக்கத்து ஆலைகள் பலவற்றில் 'வேலைவாய்ப்பு' என்ற பக்கம் வருடக்கணக்காகத் தூசி படிந்து கிடக்கும். எனக்குக் கண் திறந்தது கடன் தரமதிப்பீட்டு அறிக்கைகளால்தான். பெரிய தொகை வங்கிக் கடன் வாங்கும் நிறுவனங்கள் கிரிசில், இக்ரா, கேர் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்களிடம் தரம் வாங்குகின்றன. மதிப்பீட்டுக்கான காரணங்களை அந்த நிறுவனங்கள் தங்கள் தளத்தில் இலவசமாகவே வெளியிடுகின்றன. பங்குச்சந்தைக்கு வராத, வெளியே எதுவும் பேசாத ஆலைகளைப் பற்றிக்கூட இரண்டு மூன்று பக்கம் இருக்கும். விற்பனை ஒரே வாடிக்கையாளரை நம்பி இருக்கிறதா, கடன் ஏறுகிறதா, விரிவாக்கம் உண்டா என்று எல்லாம் வரும். என் பட்டியலில் இரண்டாவதாக இருந்த, மேலூர் சாலைப் பக்கத்து நிறுவனத்தின் அறிக்கையில், புதிய வார்ப்புக்கூடத்துக்குக் கடன் வாங்கியிருப்பதாகவும் அடுத்த ஜூனில் உற்பத்தி தொடங்கும் என்றும் ஒரு வாக்கியம் இருந்தது.

அந்த வாக்கியத்தை வைத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். புதிய அச்சில் வார்த்த பாகத்தை வாடிக்கையாளர் உடனே வாங்கிக்கொள்ள மாட்டார். அதே அச்சு, அதே எந்திரத்தில் மாதிரி எடுத்து, அளவு அறிக்கை, பொருள் சோதனை, செயல்முறைத் திறன் எல்லாம் சேர்த்து அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய, எந்திரம் இறங்கும்போதே, அதாவது மார்ச், ஏப்ரலில், தரப் பிரிவில் ஆள் இருந்தாக வேண்டும். எங்கள் தொழிலில் ராஜினாமா கொடுத்த பிறகு 60 நாள் இருந்துவிட்டுத்தான் வர முடியும். ஆகவே ஜனவரி முடிவுக்குள் அவர்கள் ஆளைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நான் டிசம்பரில் எழுத வேண்டும்.

தாளில் போட்ட கணக்கு தரையில் நடக்கிறதா என்று பார்க்கவும் வழி இருந்தது. பழங்காநத்தத்தில் காலை ஐந்தரைக்கு அந்த நிறுவனத்தின் பஸ் வரும். நவம்பரில் அதன் பின்னால் இன்னொரு பஸ் வர ஆரம்பித்தது. நிற்பவர்களில் பாதிப் பேர் புதுச் சீருடை மடிப்புக் கலையாத இளைஞர்கள். எந்த இணையதளத்திலும் இந்தச் செய்தி இல்லை.

நான்காவது பெயரை அடித்ததும் இந்தக் காலத்தில்தான். ஒன்பது மாதத்தில் ஒரே பதவிக்கு மூன்று முறை விளம்பரம் வந்தது. மறுவிளம்பரம் என்றாலே கோளாறு என்று சொல்லிவிட முடியாது. ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று ஏஜென்சிகள் போடுவார்கள், தளத்தில் கெடு முடிந்தால் மறுபடி ஏற்றுவார்கள். அப்படியானால் வாசகம் அப்படியே இருக்கும். இங்கே ஒவ்வொரு முறையும் கேட்கும் அனுபவம் குறைந்தது, சம்பளம் ஏறியது. அங்கிருந்து விலகிய ஒருவரை உறவுக்காரர் மூலம் பிடித்துக் கேட்டேன். "வாடிக்கையாளர் ஆய்வுக்கு வரும்போதெல்லாம் ஒருவர் பழி சுமக்க வேண்டும், அதற்குத்தான் அந்த நாற்காலி" என்றார். முந்தைய ஆண்டாக இருந்திருந்தால் அந்த மூன்று விளம்பரத்துக்கும் விண்ணப்பித்திருப்பேன்.

இரண்டாவது நிறுவனத்தில் என் பழைய மேற்பார்வையாளர் இருந்தார். திருமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் அவரைப் பார்த்தேன். வேலை இருக்கிறதா என்று கேட்கவில்லை. புதிய கூடத்தில் அழுத்த வார்ப்பா, ஊசி வார்ப்பா என்று மட்டும் கேட்டேன். "ஊசி வார்ப்புதான்மா. பிசிறுதான் தலைவலியாக இருக்கப்போகிறது" என்றார். பாயசம் வருவதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

டிசம்பர் கடைசி வாரம் ஆலைத் தலைவருக்கு ஆறு வரியில் கடிதம் எழுதினேன். ஊசி வார்ப்பில் அச்சுப் பிரியும் கோட்டில் வந்த பிசிறை எங்கள் ஆலையில் எப்படிக் குறைத்தோம் என்பதுதான் அதில் நான்கு வரி. ரப்பர் கலவைத் தொகுதி மாறும்போது, அது வேகும் விதத்தை அளக்கும் ரியோமீட்டரின் வரைபடத்தில் வேகும் நேரம் விலகுவதைக் கவனித்து, அதற்கேற்ப எந்திர அமைப்பைத் திருத்தினோம். பயோடேட்டா ஒன்றே ஒன்று, வரி மாற்றாதது.

ஐந்து வாரம் பதில் இல்லை. அந்த ஐந்து வாரம்தான் கடினம். நடுவில் ஓசூரிலிருந்து ஒரு வாய்ப்பு, சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. "போய்விடலாமே" என்றார் கணவர். அது முட்டாள்தனமான யோசனை என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. பையனின் பத்தாம் வகுப்பு இல்லாவிட்டால் போயிருப்பேன். பிப்ரவரி முதல் வாரம் அழைப்பு வந்தது. எந்திரம் துறைமுகத்திலிருந்து வரத் தாமதமானதால் எல்லாமே ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தது. முதல் நேர்காணலுக்குப் பத்து நாள் கழித்து அதே பதவிக்கு விளம்பரமும் வந்தது, வயிற்றைக் கலக்கியது. முறைக்காகப் போட்டோம் என்று பிற்பாடு மனிதவள அதிகாரி சொன்னார். மே மாதம் சேர்ந்தேன். சம்பள உயர்வு 14 சதவீதம்.

பக்கத்து வீட்டுத் தம்பி, வேலை போய் இரண்டு மாதம் ஆனவன், "அக்கா, நானும் ஐந்து கம்பெனிப் பெயர் எழுதி வைக்கட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எனக்கு மாதா மாதம் சம்பளம் வந்துகொண்டிருந்ததால்தான் ஒரு வருடம் உட்கார்ந்து பார்க்க முடிந்தது. வாடகை நிற்கும் வீட்டில் எல்லாவற்றுக்கும்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

நான் சேர்ந்த மூன்றாவது வாரம், பட்டியலில் முதலாவதாக இருந்த மருத்துவக் கருவி நிறுவனம் விளம்பரம் போட்டது. பதினான்கு மாதம் நான் காத்திருந்த அதே பதவி. நோட்டிலிருந்து அந்த இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து, கப்பலூரில் என்னோடு இருந்த தோழிக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை அவளுக்கு நேர்காணல்.